ஒட்டாமலே உணரும் விசைகள்: ‘படம்’ எப்படிப் ‘பட்டம்’ ஆனது தெரியுமா?

‘நேற்று ராத்திரி படம் பார்த்தேன்’ என்று அடிக்கிறீர்கள். திரையில் ‘நேற்று ராத்திரி பட்டம் பார்த்தேன்’ என்று விழுகிறது! அழித்துவிட்டு மறுபடி அடித்தால் சரியாக வருகிறது. நாலு வரி தள்ளி ‘பாடு’ என்பது ‘பாட்டு’ ஆகிறது. முதலில் விரலைச் சந்தேகிப்பீர்கள், பிறகு சாஃப்ட்வேரை, கடைசியில் மூக்குக்கண்ணாடியை. எனக்குப் போன மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுக்க இந்தக் கூத்துதான். குற்றவாளி யார் தெரியுமா? ‘ட’ விசைக்குள் இருந்த, அரிசிமணி அளவுகூட இல்லாத ஓர் உலோக முனை!

தமிழ்99 முறையில் அடிப்பவர்களுக்கு இந்த வம்பு கூடுதல். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது அந்த முறையின் அருமையான வசதி. `j`, `o`, `k`, `f` என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘படம்’. நடுவில் `o` மட்டும் இரண்டு தடவை பதிந்துவிட்டால் ‘பட்டம்’. ‘கதி’ ‘கத்தி’ ஆகும், ‘கனி’ ‘கன்னி’ ஆவாள்! ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்தால் பெரும்பாலும் பிழையான சொல் வரும், சிவப்புக் கோடு விழும். இங்கே வருவது அகராதியில் இருக்கிற நல்ல சொல். பிழைதிருத்தி வாயே திறக்காது.

சரி, விரல் தட்டியது ஒரு தடவை. கம்ப்யூட்டர் எண்ணியது இரண்டு. இது எப்படி?

எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டிருக்கிறீர்களா?

‘டங்’ என்று ஒரு சத்தத்தோடு நிற்காது. ‘டங்… டடடடட’ என்று துள்ளித் துள்ளித்தான் அடங்கும். சாதாரண மெக்கானிக்கல் கீபோர்டின் ஒவ்வொரு விசைக்குள்ளும் நடப்பது இதேதான். உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. விசையை ஏறக்குறைய 2 மி.மீ. அழுத்தியதும் ஒன்று மற்றொன்றின் மேல் மோதும், மின்சாரம் பாயும், எழுத்து விழும். ஆனால் உலோகம் உலோகத்தில் மோதினால் துள்ளாமல் இருக்காது. ஒட்டும், விலகும், ஒட்டும், விலகும், பிறகு ஒட்டி நிற்கும். இதற்கு பவுன்ஸ் என்று பெயர். புது ஸ்விட்சில் இந்தத் துள்ளல் பெரும்பாலும் சில மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். நம் காதுக்கும் விரலுக்கும் எட்டாத நேரம் அது. ஆனால் கீபோர்டுக்குள் இருக்கும் சிப்புக்கு அது நீண்ட நேரம். விநாடிக்கு ஆயிரம் தடவையும் அதற்கு மேலும் எல்லா விசைகளையும் பார்த்துக்கொண்டே இருக்கும் அதன் கண்ணுக்கு, ஒவ்வொரு துள்ளலும் ஒரு புதுத் தட்டல்!

அப்படியானால் எல்லாக் கீபோர்டும் எப்போதும் ‘பட்டம்’ என்றுதானே அடிக்க வேண்டும்? அடிக்காததற்குக் காரணம் ஒரு சின்னத் தந்திரம். சிப் கொஞ்ச நேரம் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுகிறது. கீபோர்டு ஆர்வலர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கியூ.எம்.கே. என்ற திறந்த மென்பொருளில் அந்தப் பொறுமையின் அளவு ஒரே வரியில் இருக்கிறது:

```c
#define DEBOUNCE 5
```

அந்த 5 என்பது மில்லி விநாடி. நாம் எதையும் மாற்றாமல் விட்டால், விசையின் நிலை மாறியதும் சிப் உடனே எழுத்தை அனுப்பாது. 5 மில்லி விநாடி ஆட்டம் ஏதும் இல்லாமல் அடங்கிய பிறகே ‘சரி, தட்டியது உண்மைதான்’ என்று அனுப்பும். உடனே அனுப்பிவிட்டுப் பிறகு கண்ணை மூடிக்கொள்ளும் இன்னொரு வழியும் உண்டு. இரண்டிலும் அந்த 5 மில்லி விநாடிக்குச் சிப் விசையை நம்புவதில்லை.

நாளாக ஆக முனையில் தூசி படியும், களிம்பு ஏறும், தகட்டின் வளைவு தளரும். கடலோர ஊர்க்காற்றும் தன் பங்கைச் செய்யும். துள்ளல் 5 மில்லி விநாடியைத் தாண்டியதோ இல்லையோ, ‘படம்’ ‘பட்டம்’ ஆகிவிடும். பொறுமையை 15 ஆக்கினால் கொஞ்ச நாள் ஓடும். அதற்கு விலையாக ஒவ்வொரு எழுத்தும் 10 மில்லி விநாடி தாமதமாகும்.

அப்படியென்றால், மோதினால்தானே துள்ளல்? மோதலே இல்லாமல் செய்துவிட்டால்?

விசைக்குள் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் வெளிச்சம்!

பழைய உருண்டை மவுஸைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். பல் பல்லாக வெட்டிய சிறு சக்கரம் இருக்கும். அதன் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் எல்.இ.டி., மறுபக்கம் ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் போட்டோ டிரான்சிஸ்டர். சக்கரம் சுற்றச் சுற்ற ஒளி விட்டு விட்டுத் தெரியும். ஆப்டிகல் ஸ்விட்ச் என்பது அதே குடும்பம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு குட்டி எல்.இ.டி.யும் ஒரு குட்டி ஒளி உணரியும் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். விசையின் தண்டு இறங்கும்போது சில வகைகளில் ஒளியை மறிக்கும், சில வகைகளில் மறைப்பு விலகி ஒளி பாயும். அவ்வளவுதான், எழுத்து விழுந்தாயிற்று. ரேசர் நிறுவனத்தின் ஹன்ட்ஸ்மேன் கீபோர்டு 2018இல் இந்த வகையைப் பரவலாகத் தெரியவைத்தது.

இங்கே விளம்பரக்காரர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ‘ஒளியின் வேகத்தில் தட்டச்சு!’ என்று போடுகிறார்கள். ஐயா, கம்பியில் போகும் மின்சைகையும் ஒளியோடு ஒப்பிடத்தக்க வேகத்தில்தான் போகிறது. அரை அங்குல தூரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க ஆய்வகம்தான் வேண்டும். ஆப்டிகல் ஸ்விட்ச் வேகமாகத் தெரிவதற்குக் காரணம் ஒளியின் வேகம் இல்லை. துள்ள அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்! ஒளிக்கதிரின் குறுக்கே பிளாஸ்டிக் இறங்கினால், அது கதிரின் மேல் மோதித் துள்ளாது. ஆகவே அந்த 5 மில்லி விநாடிப் பொறுமை தேவையில்லை. களிம்பு பிடிக்க முனையும் இல்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கதவுக்குள் ஒரு முடித்துண்டோ மாவுத்தூளோ புகுந்தால் கதிர் மங்கும். விசை ஒன்று அழுத்தியபடியே நிற்கும், அல்லது எவ்வளவு தட்டினாலும் பேசாது. எழுத்து இரட்டித்தால் உலோகத்தைச் சந்தேகியுங்கள். ஆப்டிகல் விசை அடியோடு ஊமையானால் தூசியைச் சந்தேகியுங்கள், ஸ்விட்சைக் கழற்றி ஊதிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மின்சாரத்தை ஓரமாகத் தள்ள முடியுமா? 23 வயதுப் பையன் தள்ளினான்!

மோதாமல் உணர ஒளியைத் தவிர இன்னொரு வழியும் உண்டு, காந்தம். அதன் கதை தொடங்கிய வருஷம் 1879. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் எட்வின் ஹால். மேக்ஸ்வெல் எழுதிய பெரிய புத்தகத்தில் ஒரு வரி அவரை உறுத்துகிறது. காந்தத்தின் விசை கம்பியின் மேல்தான் வேலை செய்கிறது, அதில் ஓடும் மின்னோட்டத்தின் மேல் அல்ல என்ற பொருளில் அதில் இருந்தது. ‘அப்படியா?’ என்று ஹால் கேட்டார். கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய தங்க ரேக்கை ஒட்டினார், அதில் மின்சாரத்தை ஓடவிட்டார், வலுவான காந்தத்துக்கு நடுவே வைத்தார். ரேக்கின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்தம் முளைத்தது!

தேரோடும் வீதியில் கூட்டம் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பக்கமிருந்து யாரோ மெதுவாகத் தள்ளினால் என்ன ஆகும்? கூட்டம் நிற்காது, ஆனால் ஒரு ஓரத்தில் நெரிசல், மறு ஓரத்தில் காலி. அந்த நெரிசலின் அளவுதான் ஹால் அளந்த மின்னழுத்தம். காந்தம் வலுவாக இருந்தால் நெரிசல் அதிகம். இதில் இன்னொரு வியப்பு: ஓரமாக ஒதுங்கியது எலக்ட்ரான்கள் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்ததே 1897இல்!

தங்கத்தில் இந்த மின்னழுத்தம் மிகவும் குறைவு. குறைகடத்தியில் ஓடும் மின்துகள்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் அங்கே விளைவு பெரிதாகத் தெரியும். அதனால் சிப் தயாரிக்கும் கலை வளர்ந்த பிறகுதான் ஹாலின் ரேக் வேலைக்கு வந்தது. 1960களின் கடைசியில் ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவு, விசைக்குள் காந்தத்தையும் ஹால் சிப்பையும் வைத்துக் கீபோர்டு செய்தது. எம்.ஐ.டி.யின் லிஸ்ப் கணினிகளுக்காக வந்த புகழ்பெற்ற ‘ஸ்பேஸ் கேடட்’ கீபோர்டுக்குள் இருந்தவை ஹால் விசைகளே. ஆகவே இப்போது ‘புத்தம் புதிய தொழில்நுட்பம்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்பது, நம் அப்பாக்கள் பள்ளிக்கூடம் போன காலத்துச் சங்கதி!

மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்களா? நீங்கள் கையில் முறுக்கும் ஆக்சிலரேட்டருக்குள்ளும் பெரும்பாலும் இதே ஹால் சென்சார்தான். எவ்வளவு முறுக்கினீர்கள் என்பதை அது காந்தத்தை வைத்தே அளக்கிறது. இந்த ‘எவ்வளவு’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

காலே இல்லாத ஸ்விட்ச் வேலை செய்யுமா?

என் அண்ணன் மகன் கல்லூரியில் படிக்கிறான், ராத்திரியெல்லாம் கேம். அவனிடம் ஒரு ஹால் எஃபெக்ட் கீபோர்டு இருக்கிறது. “சித்தப்பா, இதைப் பாருங்க” என்று இடுக்கியால் ஒரு ஸ்விட்சைப் பிடுங்கி என் உள்ளங்கையில் போட்டான். திருப்பிப் பார்த்தேன். என் கீபோர்டு ஸ்விட்சுக்கு அடியில் இரண்டு செப்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும், அவைதான் பலகையோடு மின்தொடர்பு. இதில் கால்களே இல்லை! பிளாஸ்டிக் கூடு, ஒரு ஸ்பிரிங், தண்டின் நுனியில் மிளகை விடச் சற்றுப் பெரிய காந்தம். மின்சாரம் தொடும் பொருள் ஒன்றுகூட அதில் கிடையாது. போன் திசைகாட்டியைத் திறந்து ஸ்விட்சை அருகே கொண்டுபோனேன். முள் பேய் பிடித்ததுபோல் சுற்றியது.

சென்சார் ஸ்விட்சில் இல்லை, பலகையில் இருக்கிறது, ஒவ்வொரு விசைக்கும் நேர் கீழே ஒன்று. காந்தம் இறங்க இறங்க, சென்சார் தரும் மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும். சிப் அதை ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். விசை சும்மா இருக்கும்போது அந்த எண் 2100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. இறங்கினால் 2190. 2 மி.மீ. இறங்கினால் 2350. 3 மி.மீ. என்றால் 2680. அடிவரை, அதாவது 4 மி.மீ. போனால் 3300.

கவனித்தீர்களா? முதல் மில்லிமீட்டருக்கு 90 எண்தான் ஏறியது, கடைசி மில்லிமீட்டருக்கு 620! காந்தப்புலம் தூரத்தோடு சீராகக் குறைவதில்லை. பக்கத்தில் வந்ததும் திடீரென்று ஓங்கும். அதனால் ஒவ்வொரு விசைக்கும் ‘மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு’ என்று ஒருமுறை அளந்து வைத்து, நடுவில் உள்ள வளைவைக் கணக்குப் போட்டு நேராக்க வேண்டும். புது ஸ்விட்ச் மாட்டினால் ‘எல்லா விசையையும் அடிவரை அழுத்துங்கள்’ என்று கீபோர்டின் மென்பொருள் கேட்பது இதற்காகத்தான்.

ஆக, உலோக விசை சொல்வது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. ஹால் விசை சொல்வது ‘இப்போது 1.7 மி.மீ.’. எழுத்து எந்த ஆழத்தில் விழ வேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். விரல் பட்டாலே போதுமா, 0.5 வையுங்கள். கனத்த கையா, 3 வையுங்கள். ஒளியிலும் இந்த அளவைச் செய்ய முடியும். நெதர்லாந்தின் ஊட்டிங் நிறுவனத்தின் முதல் கீபோர்டு ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்துதான் ஆழத்தைக் கண்டுபிடித்தது. பிறகு அவர்களே காந்தத்துக்கு மாறிவிட்டார்கள்.

18 மில்லி விநாடிக்காகச் சண்டையா?

ஆமாம், பெரிய சண்டை! கவுண்டர்-ஸ்டிரைக் போன்ற கேமில் ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும். சட்டென்று நின்று சுட வேண்டும். நிற்பது என்றால், விசையை விட்டுவிட்டோம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். இங்கேதான் உலோக விசை மாட்டிக்கொள்கிறது. விசை 4 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, தகடுகள் பிரிவதோ ஏறக்குறைய 2 மி.மீ. மட்டத்தில். விரல் மில்லி விநாடிக்கு 0.1 மி.மீ. வேகத்தில் எழுகிறது என்று கணக்கிட்டால், அந்த 2 மி.மீ. ஏற 20 மில்லி விநாடி. அதுவரை வீரன் ஓடிக்கொண்டே இருப்பான்.

ஹால் விசைக்கு ஆழம் தெரியும் என்பதால், மட்டத்தையே மறந்துவிட்டுத் திசையைப் பார்க்கலாம். ‘இறங்கிக்கொண்டிருந்தது இப்போது 0.2 மி.மீ. ஏறியிருக்கிறது, ஆக விரல் எழுகிறது’ என்று 3.8 மி.மீ. ஆழத்திலேயே முடிவு செய்துவிடும். 2 மில்லி விநாடி! மறுபடி 0.2 இறங்கினால் மறுபடி தட்டல். மேலே வரை வர வேண்டியதே இல்லை. ராபிட் டிரிகர் என்று இதற்குப் பெயர். ஊட்டிங் பிரபலமாக்கிய இதை இன்று பல நிறுவனங்களும் தருகின்றன. துள்ளும் தகட்டை வைத்து இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் தகட்டுக்கு ஆழம் என்றால் என்னவென்றே தெரியாது.

இதே போக்கில் இன்னொன்றும் முளைத்தது. இடது, வலது இரண்டு விசையும் அழுத்தியிருந்தால் கடைசியாக அழுத்தியதை மட்டும் கீபோர்டே தேர்ந்தெடுத்து அனுப்பும். இதற்குக் காந்தம் தேவையில்லை, மென்பொருள் போதும். ஆனாலும் அதிகம் பேசப்பட்டது இந்த வகைக் கீபோர்டுகளோடு சேர்த்துத்தான். 2024 ஆகஸ்டில் கவுண்டர்-ஸ்டிரைக் 2இன் உரிமையாளரான வால்வ் நிறுவனம், இப்படிக் கீபோர்டு தானே ஆடிக்கொடுப்பது கூடாது என்று தன் சர்வர்களில் தடை போட்டது. விரலின் வேலையை விசை பார்த்தால் ஆட்டக்காரருக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயம்தான். ராபிட் டிரிகருக்குத் தடை இல்லை.

அப்படியானால் 0.1 மி.மீ. வைத்துவிடலாமே?

அண்ணன் மகன் வைத்திருந்தான். நான் அதில் ஒரு பத்தி அடிக்க உட்கார்ந்தேன். விரலைச் சும்மா வைத்ததுமே ‘ப்பப்ப’ என்று ஓடியது! நம் உதாரணக் கணக்கையே பாருங்கள்: மேல்மட்டத்தில் 1 மி.மீ.க்கு 90 எண் என்றால் 0.1 மி.மீ.க்கு வெறும் 9. அறை சூடானால் சென்சார் கொஞ்சம் நகரும், பக்கத்து விசையின் காந்தம் கொஞ்சம் தலைகாட்டும், தண்டு லேசாகச் சாயும், விரலின் கனமும் சேரும். எல்லாம் கூடிப் பத்து எண் அசைந்தால் போதும், எழுத்து விழுந்துவிடும். தட்டாத விசை தானாகப் பேசினாலோ, விட்ட விசை விடாமல் நின்றாலோ, முதலில் மறுபடி அளவெடுக்கச் சொல்லுங்கள், அடுத்து ஆழத்தைக் கூட்டுங்கள். 1.2க்கு மாற்றியதும் எனக்கு ஒழுங்காக அடிக்க வந்தது. காந்தம் வைத்த டேப்லெட் உறையைக் கீபோர்டின் மேல் போட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. காந்தத்துக்கு வடக்கு, தெற்கு உண்டு. ஒரு நிறுவனத்தின் ஸ்விட்சில் வடக்கு கீழே பார்க்கும், இன்னொன்றில் தெற்கு. மாற்றி மாட்டினால் ஸ்விட்ச் அழகாகப் பொருந்தும், அழுத்தினால் எண் ஏறுவதற்குப் பதில் இறங்கும், விசை ஊமை! இரு துருவத்தையும் ஏற்கும் கீபோர்டுகளும் உண்டு. எதற்கும் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மின்சாரச் செலவும் கவனிக்க வேண்டியது. உலோக விசை சும்மா இருக்கும்போது ஒன்றும் குடிக்காது. ஹால் சென்சாரோ கண் விழித்துக் காவல் காக்கிறது. ஒன்றுக்கு 3 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 68 விசைக்கு 204. யு.எஸ்.பி. வயர் இருந்தால் கவலையில்லை. பேட்டரியில் ஓடும் கீபோர்டு என்றால், சென்சார்களை நொடிக்கு நொடி தூங்கவைத்து எழுப்பும் சாமர்த்தியம் வேண்டும், இல்லையேல் சார்ஜர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு? கேம் ஆடுகிறவர் என்றால் ஹால் வாங்குங்கள், ஆழமும் திசையும் தெரிந்த விசை உங்களுக்கு உண்மையாகவே உதவும். என்னைப்போல் கட்டுரை அடிப்பவர் என்றால் 5 மில்லி விநாடி உங்கள் விரலுக்குத் தெரியவே தெரியாது. களிம்பு ஏறாது, எழுத்து இரட்டிக்காது என்பதற்காக மட்டும் வாங்கலாம். நான் வாங்கவில்லை. ‘ட’ விசையின் பழைய ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன், நாற்பது ரூபாய் ஆயிற்று. இந்தக் கட்டுரையில் எங்காவது தேவையில்லாத இடத்தில் ‘பட்டம்’ பறந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.